அழாத குரல்

பேஜர் என்று சொன்னால் என் அண்ணன் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கறுப்புப் பெட்டியை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு நடந்தவர்களின் மிடுக்கு என்ன, அது கூட்டத்தில் கீங் கீங் என்று கத்தும்போது குனிந்து பார்க்கும் அலட்டல் என்ன! அந்தப் பெட்டிக்குள் ஓடிய வார்த்தைகளில் பாதி என் விரலால் அடித்தவை என்பது அவர்களில் யாருக்கும் தெரியாது.

மேற்குத் தாம்பரத்தில் வீடு, கிண்டியில் வேலை. டிகிரி முடித்து டைப்பிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, வீட்டில் வரன் பார்க்க ஆரம்பிப்பதற்குள் எப்படியாவது ஒரு வேலையைப் பிடித்துவிட வேண்டும் என்று அலைந்தவளுக்கு பேஜர் கம்பெனி ஒன்று காதில் மாட்டும் ஹெட்செட்டையும் ஒரு கம்ப்யூட்டரையும் கொடுத்தது. ஏசி அறை. வீட்டில் ஒரே பெருமை. 'பொண்ணு கம்ப்யூட்டர்ல இருக்கா' என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

வேலை இதுதான். பேஜரில் பேச முடியாது. அதில் செய்தி வரும், அவ்வளவுதான். டாக்டருக்கோ மேஸ்திரிக்கோ செய்தி சொல்ல வேண்டியவர்கள் எங்கள் கம்பெனிக்குப் போன் செய்வார்கள். எடுப்பது எங்களில் யாராவது ஒருத்தி. 'பேஜர் நம்பர் சொல்லுங்க' என்போம். நம்பரைத் தட்டினால் ஆளின் பெயர் திரையில் வரும். அப்புறம் அவர்கள் சொல்லும் செய்தியை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்போம். தமிழில் சொன்னால் தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடிப்போம். ஒருமுறை படித்துக்காட்டி, 'சரியா?' என்று கேட்டு, அனுப்பிவிடுவோம். அது காற்றில் போய் அவர் இடுப்பில் கத்தும். அவர் பார்த்தாரா, பேஜரை அணைத்துவிட்டுத் தூங்கினாரா, எங்களுக்குத் தெரியாது. திரும்பி வரும் வழி அந்தப் பெட்டிக்குக் கிடையாது.

விதிகள் இரண்டு. போன் செய்தவர் சொன்னதை மட்டும் அடிக்க வேண்டும். உன் சரக்கு எதுவும் சேரக்கூடாது. இரண்டாவது, தமிழ், இங்கிலீஷ், இந்த இரண்டு மொழிதான். வேறு எதிலாவது யாராவது பேசினால் அதற்கென்று ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. மன்னிக்கவும், எங்கள் சேவை தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே, அழைத்ததற்கு நன்றி. இதைத் தேன் தடவி இங்கிலீஷில் சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும். இங்கிலீஷ் தெரியாததால்தானே அந்த ஆள் வேறு மொழியில் பேசுகிறார், அவருக்கு இதை இங்கிலீஷில் சொல்லி என்ன பயன் என்று பயிற்சியின்போது கேட்டேன். 'ஓவரா யோசிக்காத' என்றார்கள்.

அந்த அம்மாவின் முதல் போன் ஒரு சாயங்காலம் வந்தது. எனக்கு வருவதற்கு முன்பே பக்கத்து சீட்காரிக்கு வந்து, அவள் தேன் தடவிய வாக்கியத்தைச் சொல்லி வைத்திருக்கிறாள். அதற்கும் முன்னால் அடுத்த வரிசைக்கு. என் காதில் விழுந்தபோது அது மூன்றாவது முயற்சியாக இருக்க வேண்டும். 'பேஜர் நம்பர் சொல்லுங்க' என்றேன். பதிலுக்கு ஓர் அழுகை. அழுகைக்கு நடுவே தண்ணீர் கொட்டுவது போல வார்த்தைகள். இந்தி இல்லை என்பது மட்டும் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை டிவியில் கேட்ட அளவுக்காவது இந்தியின் ஓசை எனக்குத் தெரியும். இது வேறு. இதில் எனக்குப் பிடிபட்டது ஒரே ஒரு சொல். 'டாக்தார் பாபு, டாக்தார் பாபு.'

அந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது அது இல்லை.

"இருங்கம்மா. இருக்கேன்" என்றேன்.

அவளுக்கு என்ன புரிந்திருக்கும்? ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் போனை வைக்காமல் ஒருத்தி இருக்கிறாள் என்பது புரிந்திருக்கிறது. அழுகை கொஞ்சம் இறங்கியது. நான் 'நம்பர், நம்பர்' என்றேன். அவளும் 'நொம்பொர்' என்று ஏதோ எண்களைச் சொன்னாள். அவள் மொழி எண்கள். எனக்குத் தெரிந்த இந்தி எண்கள் மூன்றோடு முடிந்துவிடும். டாக்டரின் பெயரைக் கேட்டேன், 'டாக்டர் நேம்?' மறுபடியும் டாக்தார் பாபு. எங்களிடம் பேஜர் வைத்திருந்த டாக்டர்களே ஒரு ஊருக்குக் காணும்.

"இருங்கம்மா. இருக்கேன். அழாதீங்க. இருக்கேன்."

இதையே எத்தனை முறை சொன்னேனோ. பின்னால் எங்களைக் கவனித்துக்கொள்ளும் சூப்பர்வைசர் மேடம் வந்து நின்றுவிட்டார். காத்திருக்கும் போன்களின் எண்ணிக்கை திரையின் மூலையில் ஏறிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் போனில் வேறு ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடியில் தட்டும் சத்தம். பிறகு கதவு திறக்கிற கிறீச், ஓர் ஆண்குரல்.

"இன்னாம்மா நீ, எம்மா நேரம்? வெளில ஆளுங்க நின்னுகினு கீறாங்க."

பூத்! இவள் எஸ்டிடி பூத்திலிருந்து பேசுகிறாள். பூத் என்றால் அங்கே மீட்டருக்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். தமிழ் ஆள்!

"அண்ணா! பூத் அண்ணா! அந்தப் போனை நீங்க வாங்குங்கண்ணா!"

நான் போட்ட கத்தலில் எங்கள் அறையில் எல்லாத் தலையும் திரும்பியது. அங்கே அந்த அம்மாவின் காதோரத்திலிருந்து என் குரல் வெளியே கேட்டிருக்க வேண்டும். கொஞ்சம் குழப்பம், பிறகு அந்த ஆண்குரல் போனுக்குள் வந்தது.

"யாரு மேடம் நீங்க?"

சொன்னேன். அந்த அம்மா கையில் ஏதாவது சீட்டு வைத்திருக்கிறாளா என்று கேட்டேன். வைத்திருந்தாள். டாக்டர் தன் மருந்துச் சீட்டின் பின்பக்கம் எங்கள் போன் நம்பரையும் தன் பேஜர் நம்பரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். பூத்காரர் படித்தார், நான் தட்டினேன், திரையில் ஒரு இருதய டாக்டரின் பெயர் வந்தது.

"என்ன விஷயம்னு கேளுங்கண்ணா."

"இன்னாத்த மேடம் கேக்குறது? பெங்காலிக்காரங்க. ரயில்வே லைன் பக்கம் ரூம் எடுத்துத் தங்கிகினு கீறாங்க. இந்தம்மா வூட்டுக்காரருக்கு நெஞ்சுல ஆபரேசன். புள்ள கல்கத்தா போயிட்டான். இதுக்கு ஒரு வார்த்தை தமிழ் வராது. தெனம் எம் பூத்துக்கு வந்து புள்ளகிட்ட பேசும். இப்ப அழுதுகினு கீது, நெஞ்சத் தொட்டுத் தொட்டுக் காட்டுது."

அவருடைய பூத் நம்பரையும் குரோம்பேட்டை என்பதையும் வாங்கிக்கொண்டேன். அடித்தேன். 'குரோம்பேட்டை பூத்துக்குப் போன் செய்யவும், பெங்காலி நோயாளியின் மனைவி.' அனுப்பும் பொத்தானுக்கு விரல் போனது, நின்றது. இதை டாக்டர் பார்த்தால் என்ன நினைப்பார்? ஏதோ மாத்திரை சந்தேகம் என்று நினைப்பார். அவள் அழுகிறாள் என்பது இதில் எங்கே இருக்கிறது? விதி ஞாபகம் வந்தது. வந்தால் வரட்டும் என்று கடைசியில் இரண்டு சொல் சேர்த்தேன். லேடி கிரையிங்.

அனுப்பிவிட்டு, போனை அந்த அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி, 'டாக்டர் பாபு வருவார். இருங்கம்மா' என்றேன். அவள் ஏதோ சொன்னாள். குரல் நன்றாக இறங்கியிருந்தது.

"கிரையிங்னு கஸ்டமர் சொன்னாங்களா?" சூப்பர்வைசர் மேடம் என் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"சொல்லல மேடம். அழுதாங்க."

"அழறது மெசேஜ் இல்லம்மா. இன்னிக்கு விடறேன்."

மறுநாள் அந்த டாக்டரே எங்கள் ஆபீசுக்குப் போன் செய்தார். நேற்று கிரையிங் என்று அடித்தது யார் என்று கேட்டாராம். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன்.

"நல்ல வேலை பண்ணீங்கம்மா" என்றார். "தையல் போட்ட இடத்துல சீழ் கசிஞ்சுட்டு இருந்தது. அந்த அம்மா பயந்து போயிட்டாங்க. கிளினிக்ல நாலு பேர் காத்திருந்தாங்க, அந்த ரெண்டு வார்த்தையப் பாத்துட்டுத்தான் உடனே கிளம்பிப் போனேன். எனக்கும் பெங்காலி தெரியாது. ஆனா புண்ணைப் பாக்க பாஷை எதுக்கு?"

அன்றைக்குத் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி எனக்கு நானே மிளகாய் பஜ்ஜி வாங்கித் தின்றேன். தலை கால் புரியவில்லை. வீட்டில் இந்தக் கதையைச் சொன்னபோது அப்பா, 'பாஷையே தெரியாம பேசியிருக்கா பாரு' என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். மொழியே தெரியாமல் ஒரு ஆளைக் கரையேற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. இந்த நினைப்பைத்தான் இப்போது வரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. கட்டு மாற்ற வேண்டும், மாத்திரை தீர்ந்துவிட்டது, பரிசோதனைக்கு எந்த நாள் வர வேண்டும், எல்லாவற்றுக்கும் அந்த அம்மா பூத்துக்குப் போவாள். பூத்காரர் எங்களுக்குப் போன் போடுவார். யார் எடுத்தாலும், 'அந்தப் பொண்ணாண்ட குடுங்க மேடம், இது வேற யாரு கையிலயும் பேசாது' என்பார். சூப்பர்வைசர் மேடம் தலையில் அடித்துக்கொண்டு என் பக்கம் மாற்றிவிடுவார். 'ஏய், உன் மாமியார் லைன்ல' என்று பக்கத்து சீட்காரி கண்ணடிப்பாள்.

முதலில் பூத்காரர் விஷயத்தைச் சொல்வார். மாத்திரைப் பட்டையைத் தூக்கிக் காட்டுகிறாள், நாள்காட்டியைத் தொட்டுக் காட்டுகிறாள் என்று அவர் பார்த்ததைச் சொல்ல, நான் அதைச் செய்தியாக அடிப்பேன். அது முடிந்ததும் போன் அவள் கைக்குப் போகும். அவள் பெங்காலியில் பேசுவாள். நான் தமிழில் பேசுவேன். 'சாப்பிட்டீங்களாம்மா' என்பேன். அவள் ஏதோ நீளமாகச் சொல்வாள். 'சரிம்மா, சரிம்மா' என்பேன். அவள் சிரிப்பாள். சொன்னால் நம்ப மாட்டார்கள், எனக்கு அந்த வாரங்களில் வேலைக்குப் போகவே பிடித்திருந்தது. அவள் எனக்கு 'மேயே' என்று பெயர் வைத்திருந்தாள். பூத்காரர் அவள் மகனிடம் போனில் தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் கேட்டு எனக்கு அர்த்தம் சொன்னார். 'பொண்ணுன்னு அர்த்தமாம். அவங்க பொண்ணுன்னுகூட எடுத்துக்கலாமாம், மேடம்.'

முதல் நாள் அழுதவள் அதற்குப் பிறகு ஒருநாளும் போனில் அழவில்லை. அதை நான் என் சாதனை என்று எண்ணியிருந்தேன்.

அந்தக் கடைசிச் செய்தி வந்த நாள் சாதாரண நாள். மழை பெய்யவில்லை, கனவு எதுவும் காணவில்லை, கண்கூடத் துடிக்கவில்லை. சாயங்காலம் போன்கள் குவியும் நேரம். பூத்காரர் வந்தார்.

"மேடம், நம்ம அம்மா. டாக்டர வரச் சொல்லணுமாம். ரூம் பக்கம் கையக் காட்டுது."

"என்ன ஆச்சாம்?"

"தெர்லயே மேடம். பேசிகினே கீது. இங்க கூட்டம் வேற."

"அழறாங்களாண்ணா?"

கேட்டேன். கேட்காமல் இல்லை. அது மட்டும்தான் எனக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் சமாதானம், அது சமாதானமே இல்லை என்பதும் தெரியும்.

"சேச்சே, அதெல்லாம் அழுவல. நல்லாத்தான் கீது. உங்க கொரல் கேட்டா அதுக்குப் போதுமே. பேசுங்க."

அடித்தேன். 'டாக்டர் வரவும், பெங்காலி அம்மா, குரோம்பேட்டை பூத்.' வழக்கமான செய்தி. போன வாரம் அனுப்பியதும் இதேதான், அதற்கு முந்தின வாரமும். சொன்னதை மட்டும் அடித்தேன், ஒரு எழுத்து அதிகம் இல்லை. சூப்பர்வைசர் மேடம் பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார். அனுப்பிவிட்டு அவளோடு பேசினேன்.

அன்றைக்கு நிறையப் பேசினாள். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எனக்குப் புரிய வேண்டும் என்று அவ்வளவு பொறுமையாகச் சொல்லியிருக்கிறாள் என்பது இப்போது தெரிகிறது. ஒரு சொல் மறுபடி மறுபடி வந்தது. நிஷ்ஷாஷ், நிஷ்ஷாஷ். நான் திரையின் மூலையில் காத்திருக்கும் போன்களைப் பார்த்துக்கொண்டே, "சரிம்மா. சரிம்மா. டாக்டர் பாபு வருவார். சரிம்மா" என்றேன்.

அவள் நம்பினாள். 'மேயே' என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ராத்திரி ஷிப்டுக்காரிகள் வந்து நான் கைப்பையை எடுக்கும் நேரத்தில் டாக்டரின் போன் வந்தது. என்னைத்தான் கேட்டார்.

"சாயங்காலம் அந்த அம்மா போன் பண்ணினப்ப எப்படி இருந்தாங்க? அழுதாங்களா?"

"இல்ல சார். நார்மலாத்தான் பேசினாங்க."

பின்னணியில் ஆஸ்பத்திரி சத்தம் கேட்டது.

"என்ன சார் ஆச்சு?"

"அவருக்கு மூச்சு முட்டியிருக்கு. மத்தியானத்துலேந்தே. நான் கிளினிக் முடிச்சிட்டுப் போலாம்னு இருந்துட்டேன். எப்பவும் வர்ற மெசேஜ்தானேன்னு. போய்ப் பாத்தா உதடெல்லாம் நீலமா இருக்கு. என் கார்லயே தூக்கிப்போட்டு அட்மிட் பண்ணிருக்கேன். பாக்கலாம்." பிறகு என்னைத் தேற்றுவது போல, "உங்க மேல தப்பில்லம்மா. நான்தான் போயிருக்கணும்" என்றார்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். ஏன் உடனே வரச் சொல்லி அடிக்கவில்லை என்று கத்தியிருக்கலாம். எனக்கும் திருப்பிக் கத்த ஒரு வழி கிடைத்திருக்கும். 'தப்பில்லம்மா' என்று சொல்லிவிட்டதால் அந்தத் தப்பை வைக்க இடம் இல்லாமல் நானே தூக்கிக்கொண்டு மின்சார ரயில் ஏறினேன். குரோம்பேட்டையில் வண்டி நின்றபோது ஜன்னல் வழியே ரயில்வே லைன் பக்கத்து வீடுகளைப் பார்த்தேன். இதில் ஏதோ ஒரு விளக்குதான் அவர்கள் அறை. இறங்கவில்லை. வண்டி கிளம்பிவிட்டது.

அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அம்மா கேட்டதற்குத் தலைவலி என்றேன். மனம் அந்த முதல் நாளுக்கே போய்க்கொண்டிருந்தது. அவள் மொழியில் எனக்குப் புரிந்தது என்ன? டாக்தார் பாபுவை விட்டால் அவளுடைய அழுகை. அது மட்டும்தான். அந்த அழுகையை வைத்துத்தான் டாக்டரைக் கிளினிக்கிலிருந்து எழுப்பினேன். அப்புறம் நானே, இருங்கம்மா இருக்கேன் என்று சொல்லிச் சொல்லி அந்த அழுகையை நிறுத்திவிட்டேன். பாவம், தான் சொல்வது எனக்குப் புரிகிறது என்று நினைத்துவிட்டாள். புரிகிற ஒருத்தி இருக்கும்போது எதற்கு அழ வேண்டும்? முதல் நாளே, எனக்கு உன் மொழி தெரியாது, பூத்காரரைக் கூப்பிடு என்று அவளுக்கு எப்படியாவது உணர்த்தியிருந்தால், கடைசி நாள் அவள் என்னிடம் சொல்லிவிட்டோம் என்று போனை வைத்திருக்க மாட்டாள். பூத்காரரின் கையைப் பிடித்து அறைக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பாள். அன்பாகப் பேசத் தெரிந்த எனக்கு, புரியவில்லை என்று சொல்லத் தெரியவில்லை. எத்தனை 'சரிம்மா' சொன்னேன்! ஒன்றுகூடச் சரியில்லை.

பல வருடம் கழித்து வேறு ஒரு ஆபீசில் ஒரு பெங்காலிக்காரரிடம் நிஷ்ஷாஷ் என்றால் என்ன என்று கேட்டேன். மூச்சு என்றார். எதற்குக் கேட்கிறீர்கள் என்றார். சும்மா என்றேன்.

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் பூத்திலிருந்து போன் வரவில்லை. டாக்டரிடமிருந்தும் வரவில்லை. அவருக்கு வந்த செய்திகளை நாங்கள் அனுப்பிக்கொண்டிருந்தோம். எல்லாம் வேறு வேறு நோயாளிகள். நானே பூத்துக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம், நம்பர் என்னிடம் இருந்தது. இரண்டு மூன்று தடவை பாதி வரை சுழற்றி வைத்துவிட்டேன். அவள் எடுத்துவிட்டால்?

வாரக் கடைசியில் வேலை முடிந்து வரும்போது கால்கள் தாமாகவே குரோம்பேட்டையில் இறங்கிவிட்டன. லைன் ஓரமாக நடந்து கேட்டுக் கேட்டு அந்தப் பூத்தைக் கண்டுபிடித்தேன். செல்போன் ரீசார்ஜ் எல்லாம் வராத காலம். ஒரு மஞ்சள் போர்டு, ஒரு கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எண் ஓடும் மீட்டர், அதற்குப் பின்னால் லுங்கி கட்டிய, நடுத்தர வயது மனிதர் ஒருவர். இவர்தானா என் பூத் அண்ணா! ஒல்லியாக இருப்பார் என்று நினைத்திருந்தேன், நல்ல தொப்பை. வெளியே ஒரு பெஞ்சில் வெள்ளைப் புடவையில் ஒரு அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கையில் வளையல் இல்லை. வெறும் மணிக்கட்டைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. என் முகம் இவர்கள் யாருக்கும் தெரியாது. ஒரு லோக்கல் கால் பேசுவது போலப் பேசிவிட்டு, போகிற போக்கில் விசாரித்துவிட்டுப் போய்விடலாம். கோழைத்தனம்தான். ஆனால் அப்படித்தான் யோசித்தேன்.

"அண்ணா, லோக்கல் பேசலாமா?" என்றேன்.

"பேசும்மா, உள்ள போ. ஆனா சீக்கிரம். அந்தம்மாவுக்குப் புள்ளகிட்டருந்து போன் வரும். அவன் வந்த ரயிலு வழில எங்கயோ நின்னுபூட்சாம், பாவம், அப்பன் மொகத்தக்கூடப் பாக்க முடியல. டாக்டருதான் கூட நின்னு எல்லாம் பண்ணாரு..."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெஞ்சிலிருந்தவள் திரும்பினாள்.

நான் பேசியது மொத்தம் மூன்று சொல். அவளுக்கு அது போதுமாக இருந்தது. என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு எழுந்து, என் பக்கம் வந்து, "மேயே?" என்றாள்.

பொய் சொல்ல எனக்கு அங்கேயும் மொழி இல்லை. தலையை ஆட்டினேன். பூத்காரர் எழுந்து நின்றுவிட்டார். 'மேடம், நீங்களா?' என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கொஞ்ச நஞ்சமாக இல்லை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்கு. செத்தது அவள் புருஷன். அழ வேண்டியவள் அவள். நான் போய் அவள் முன்னால் நின்று அழுகிறேன், அந்த வெட்கம் வேறு.

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன். உங்கள் மொழி எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது, தெரிந்த மாதிரி தலையாட்டினேன் என்று சொல்ல நினைத்தேன். சொன்னேனா என்பதுகூட நினைவில்லை. சொல்லியிருந்தாலும் தமிழில்தான் சொல்லியிருப்பேன்.

அவள் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். பிறகு என் தாடையைப் பிடித்து, போனில் பேசும் அதே நிதானத்தோடு, எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். இந்த முறை அது பெங்காலி இல்லை. அவளுக்குத் தெரிந்த மொத்தத் தமிழும் அதுதான். நான் முதல் நாள் சொல்லிச் சொல்லி அவள் காதில் ஏற்றியது.

"இருங்கம்மா" என்றாள். "இருக்கேன்."

என் வாயிலிருந்து மறுபடியும் அந்த "சரிம்மா"தான் வந்தது.